வீட்டுக்காரர் மனுவும் குடியிருப்பவர் மறுமொழியும்

தில்லி மாநகரில் பல ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் கரோல் பாக்கிலும் அதனைச் சுற்றிய பகுதிகளிலும் பல உண்டு. தந்தை உத்தியோகத்திற்கு வந்த காலத்தில் அமர்த்திய வீட்டில் மகன் இன்றும் குடியிருப்பார். வாடகை அன்று பேசிய தொகையை ஒட்டியே இருக்கும். இத்தகைய வீட்டிற்கு ஒரு நாள் நீதிமன்றச் சேவகர் வந்து, ஆங்கிலத்தில் அச்சிட்ட சம்மனையும், அதனுடன் இணைந்த மனுவின் பிரதியையும் கொடுத்துச் செல்கிறார். வீட்டுச் சொந்தக்காரர் தம் சொந்த உபயோகத்திற்கு வீடு வேண்டும் என்று வழக்குத் தொடுத்திருக்கிறார். இந்நிலையில் குடியிருப்பவர் முதலில் செய்யவேண்டியது யாது என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

வக்கீலிடம் செல்லவேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் வக்கீலிடம் செல்லுமுன்பு, அல்லது சென்று வந்த அன்றிரவே, மனுவின் சாரத்தையும் அதற்கு நம் தரப்பில் சொல்லக்கூடிய மறுப்புகளையும் ஒரே தாளில் சுருக்கி எழுதிப் பார்ப்பது நன்று. எதிர்த்து வழக்காடுவதா, அவகாசம் கேட்டுச் சமாதானமாக வெளியேறுவதா என்ற முடிவை அந்தத் தாள் தெளிவாக்கும். அத்தாளை எப்படி எழுதுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நாம் சொல்லப்போவது 1958-ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் பற்றியது. மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வீடுகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. அவ்வீடுகளைப் பற்றிய வழக்குகள் சிவில் நீதிமன்றத்தில் நடைபெறும். இங்குக் கூறப்படும் பாதுகாப்புகள் அவற்றிற்கு இல்லை. பிற மாநிலங்களில் சட்டம் வேறு என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

பதினைந்து நாட்கள்

முதலில் நாட்கணக்கு. சொந்த உபயோகத்திற்காக வீட்டைக் கேட்கும் மனுக்களுக்கென்று 25-பி என்னும் தனிப் பிரிவு இச்சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்டது. அதன்படி, குடியிருப்பவருக்கு வழக்காடும் உரிமை தானாக வருவதில்லை. சம்மன் கிடைத்த 15 நாட்களுக்குள் அவர் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து, வழக்காட அனுமதி கோரவேண்டும். அனுமதி கிடைத்தால்தான் சாட்சிகளுடன் விசாரணை நடைபெறும். குறித்த காலத்திற்குள் அதனைத் தாக்கல் செய்யாவிட்டால், மனுவில் கூறியவை அனைத்தையும் அவர் ஒப்புக்கொண்டதாகச் சட்டம் கருதும். வெளியேற்றும் ஆணை பிறக்கும்.

இந்தப் பதினைந்து நாட்களை நீட்டிக்க வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2009-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஊருக்குப் போயிருந்தோம், உடல் நலமில்லை, ஆங்கிலம் புரியவில்லை என்ற காரணங்களால் தவறிய நாள் திரும்பி வராது. மார்ச் 4-ஆம் தேதி சம்மன் கைக்கு வந்ததானால், அந்த நாளை விட்டு எண்ணினால் மார்ச் 19-ஆம் தேதி கடைசி நாளாகும். சம்மன் சேவகர் மூலமாகவும் பதிவுத் தபால் மூலமாகவும் இரு வழியில் வரும். இரண்டும் வெவ்வேறு நாட்களில் வருமானால், முந்திய தேதியையே கணக்கிற்கு எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. தபாலை வாங்க மறுத்தாலும் பயனில்லை; மறுத்தது மெய்ப்பிக்கப்பட்டால் சம்மன் சேர்ந்ததாகவே அதிகாரி கொள்ளலாம்.

ஆகவே நம் தாளின் தலைப்பில் எழுதவேண்டிய முதல் வரி இதுதான்: சம்மன் கிடைத்த தேதி, யார் கையில் கிடைத்தது, கடைசித் தேதி.

சட்டம் வீட்டுக்காரரிடம் கேட்பவை

இச்சட்டத்தின் 14-ஆம் பிரிவு, குடியிருப்பவரைப் பொதுவாக வெளியேற்றக்கூடாது என்று தடுத்துவிட்டு, பிறகு சில விதிவிலக்குகளைச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று சொந்த உபயோகம். அதனைப் பெற வீட்டுக்காரர் நான்கு செய்திகளை மனுவில் காட்டவேண்டும். முதலாவது, தாம் வீட்டை வாடகைக்கு விட்டவர் மட்டுமல்லாமல் அதன் உரிமையாளரும் ஆவார் என்பது. இரண்டாவது, தமக்கோ தம்மைச் சார்ந்திருக்கும் குடும்பத்தினருக்கோ வீடு தேவை என்பது. மூன்றாவது, அத்தேவை நேர்மையானது என்பது. நான்காவது, தமக்குத் தக்கதான வேறு இடம் இல்லை என்பது.

தொடக்கத்தில் இவ்விதி குடியிருப்பு வீடுகளுக்கே உரியதாயிருந்தது. 2008-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பினால் கடைகளுக்கும் அலுவலக இடங்களுக்கும் அது விரிவடைந்தது. எனவே சிற்றுண்டிக் கடை நடத்தும் தமிழரும் இதே முறையில் தாள் எழுதலாம்.

வீட்டுக்காரரின் தேவை எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் முதல் உரிமை அவருக்கே என்பதை நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. இரண்டு அறை போதும், மூன்று எதற்கு என்று குடியிருப்பவர் வீட்டுக்காரருக்கு வாழும் முறையைக் கற்பிக்க இயலாது. 2022-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதனை மேலும் தெளிவாக்கியது: மனுவில் கூறிய தேவை நேர்மையானது என்ற எண்ணம் வீட்டுக்காரர் பக்கம் இருக்கும், அதனை அசைக்க விரும்பும் குடியிருப்பவர் வெறும் மறுப்பால் அல்லாமல், ஏதேனும் ஆதாரத்தோடு வரவேண்டும்.

இதற்கு மறு பக்கமும் உண்டு. அனுமதி கோரும் கட்டத்தில் குடியிருப்பவர் தம் வழக்கை முழுதும் நிரூபிக்க வேண்டியதில்லை. அவர் சொல்லும் செய்தி உண்மையானால் வீட்டுக்காரருக்கு ஆணை கிடைக்காது என்று தோன்றும் அளவிற்குத் திட்டமான செய்தி இருந்தால், அதிகாரி அனுமதி தரவேண்டும் என்பதே சட்டத்தின் வாசகம். ஆகவே நம் மறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, ‘இது உண்மையென்று வைத்துக்கொண்டால், மேற்கூறிய நான்கில் எது விழுகிறது?’ என்று கேட்டுப் பார்க்கவேண்டும். எதுவும் விழாவிட்டால், அது எவ்வளவு உண்மையானாலும், எவ்வளவு மனவருத்தம் தருவதானாலும், இந்த வழக்கிற்கு உதவாது.

ஓர் எடுத்துக்காட்டு

கற்பனையான ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். கரோல் பாக்கில் மூன்று தளங்கள் கொண்ட வீடு. தரைத் தளத்தில் வீட்டுக்காரர் குடும்பம். முதல் மாடியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஒரு குடும்பம் 1984 முதல் இரண்டு அறை, சமையலறையுடன் மாதம் 640 ரூபாய் வாடகையில் இருக்கிறது. மேலே பர்ஸாத்தி என்று வடக்கே அழைக்கப்படும் மொட்டைமாடிப் பகுதியில் இரண்டு அறைகள்.

மனுவில் வீட்டுக்காரர் கூறுவது இது. வீடு தம் தந்தையுடையது. அவர் காலமானபின் தமக்கு வந்தது. தாமும் மனைவியும், மகனும் மருமகளும், அவர்களின் இரண்டு குழந்தைகளும், மணமாகாத மகளும் தரைத் தளத்தின் மூன்று அறைகளில் நெருக்கமாக வாழ்கிறார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் மகன் குடும்பத்திற்கு முதல் மாடி தேவை. வேறு தக்க இடம் தமக்கு இல்லை. மனுவுடன் வீட்டின் வரைபடம் ஒன்று. அதில் முதல் மாடி சிவப்புக் கோட்டால் காட்டப்பட்டிருக்கிறது.

இதனைப் படித்த குடியிருப்பவர் மனம் கொதித்துப் பின்வருமாறு சொல்கிறார். ‘நாற்பது ஆண்டுகளாக இங்கு இருக்கிறோம், எங்கே போவோம்? ஆறு மாதத்திற்கு முன்புதான் வாடகையை எட்டாயிரம் ஆக்கு என்றார், மறுத்தேன், அதனால் இந்த வழக்கு. முறையான நோட்டீஸ் கொடுக்கவில்லை. வீட்டில் அவருடைய தம்பிக்கும் பங்கு உண்டு. ரோஹிணியில் அவருக்கு ஓர் அடுக்குமாடி வீடு இருக்கிறது. பர்ஸாத்தியில் இருந்தவர் காலி செய்தபின் சென்ற ஆண்டு மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டார். மகள் புணேயில் வேலை பார்க்கிறாள். ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறாள்.’

ஏழு மறுப்புகள். இவற்றை நான்கு கூறுகளோடு உரைத்துப் பார்ப்போம்.

உதவாத மறுப்புகள்

நாற்பது ஆண்டு வாசம் என்பது தில்லிச் சட்டத்தில் மறுப்பாகாது. வெளியேறினால் யாருக்குத் துன்பம் அதிகம் என்று ஒப்பிட்டுப் பார்க்கும்படி இந்த விதி அதிகாரியைக் கேட்கவில்லை. மும்பையில் இருப்போர்க்கு நிலை வேறு. 1999-ஆம் ஆண்டின் மஹாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, இரு தரப்பின் துன்பத்தையும் நீதிமன்றம் நிறுத்துப் பார்க்கவேண்டும் என்கிறது. மும்பையில் உள்ள உறவினரின் வழக்கில் எடுபட்ட வாதத்தைத் தில்லியில் நம்பியிருப்பது பெரும் பிழையாகும்.

நோட்டீஸ் இல்லை என்பதும் அவ்வாறே. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களின் கீழ் தொடுக்கும் வெளியேற்ற வழக்கிற்கு, குடிக்கூலி ஒப்பந்தத்தை முறிக்கும் தனி நோட்டீஸ் தேவையில்லை என்று 1979-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது. அந்த வழக்கே நம் தமிழ்நாட்டிலிருந்து சென்றதுதான்.

தம்பியின் பங்கும் பெரும்பாலும் உதவாது. கூட்டுரிமையாளர்களுள் ஒருவரே வழக்குத் தொடுக்கலாம் என்பது நிலைபெற்ற கொள்கை. உரிமையாளர் என்பதற்கும் இங்கே முழுமையான பட்டா உரிமை என்று பொருளன்று. குடியிருப்பவரைவிட மேலான உரிமை இருந்தால் போதும். இத்தனை ஆண்டுகளாக அவருக்கே வாடகை செலுத்தி ரசீது வாங்கியவர், இப்பொழுது அவர் உரிமையாளர் அல்லர் என்று சொன்னால், சொன்னவரின் நம்பகத்தன்மைதான் குறையும்.

ஆனால் உரிமையைப் பற்றி ஒரு கேள்வி கட்டாயம் கேட்கவேண்டும்: வீடு அவருக்கு எப்படி வந்தது? விலைக்கு வாங்குதல் முதலிய கைமாற்றத்தால் வந்திருந்தால், வாங்கிய நாளிலிருந்து ஐந்தாண்டுகள் கழியும்வரை சொந்த உபயோகம் என்ற காரணத்தைக்கொண்டு மனுப்போட 14-ஆம் பிரிவின் 6-ஆம் உட்பிரிவு இடம் தரவில்லை. நம் எடுத்துக்காட்டில் வீடு தந்தையின் மறைவினால் வாரிசு வழியில் வந்ததாகையால் அத்தடை பொருந்தாது. வேறொருவர் வழக்கில் இந்த ஒரு கேள்வியே மனுவை முடித்துவிடக்கூடும்.

எடை உள்ள மறுப்புகள்

இனி மீதமுள்ள நான்கு. மகள் புணேயில் இருப்பது உண்மையானாலும், மனு முக்கியமாக மகன் குடும்பத்தின் தேவையைப் பற்றியது. மகளைக் கழித்துவிட்டால் ஆறு பேர் மூன்று அறைகளில் என்று ஆகிறது. தேவை குறைகிறதேயன்றி மறையவில்லை. மேலும், வெளியூரில் பணியிலிருப்பவர்க்குப் பெற்றோர் வீட்டில் ஓர் அறை வேண்டும் என்பதை நீதிமன்றம் இயல்பென்றே கருதும். ஆயினும் ‘ஏழு பேர் வாழ்கிறோம்’ என்று மனுவில் எழுதியது சரியல்ல என்று காட்ட இச்செய்தி துணையாக நிற்கும். இதனைத் துணை மறுப்பு என்று குறித்துக்கொள்வோம்.

வாடகை உயர்வு கேட்டது தனித்து நின்றால் வலுவற்றது. வாடகையை உயர்த்த விரும்பியவருக்கே பின்னர் உண்மையான தேவையும் வரலாம். அது வாய்ச்சொல்லாக இருந்தால் அதிகாரி அதனைப் பொருட்படுத்தமாட்டார். தேதியிட்ட கடிதமோ கைப்பேசியில் வந்த செய்தியோ இருந்து, அது வேறொரு செய்தியோடு சேர்ந்தால்தான் மூன்றாம் கூறாகிய நேர்மையை அசைக்கும்.

ரோஹிணி வீடு நான்காம் கூறைத் தொடுகிறது. ஆனால் ‘இருக்கிறது’ என்பது போதாது. யார் பெயரில் இருக்கிறது, இப்பொழுது காலியாக உள்ளதா, வேறு குடித்தனக்காரர் கையில் உள்ளதா, எத்தனை அறை, மகன் குடும்பத்திற்குத் தக்கதா என்ற கேள்விகள் எழும். பல ஆண்டுகளாக வாடகைக்கு விடப்பட்ட வீட்டை ‘கையில் உள்ள இடம்’ என்று சொல்ல இயலாது. தாத்தா பாட்டியுடன் ஒரே வீட்டில் வாழ விரும்பும் குடும்பத்திற்குத் தொலைவிலுள்ள இடம் தக்கதன்று என்று வீட்டுக்காரர் விடையிறுப்பார். எனினும் இந்த வீட்டைப் பற்றி மனுவில் ஒரு சொல்லும் இல்லை என்பதை நோக்கவேண்டும். தம்மிடம் உள்ள பிற இடங்களை வெளிப்படையாகச் சொல்லி, அவை ஏன் தக்கவையல்ல என்று விளக்குவது வீட்டுக்காரரின் கடமை. மறைத்திருந்தால், அந்த மறைப்பே விசாரணைக்குரிய பொருளாகும். வீடு அவர் பெயரில்தான் என்று காட்டும் பத்திர நகலோ சொத்துவரி விவரமோ கிடைத்தால் இம்மறுப்பு நடுத்தர வலுவிலிருந்து நல்ல வலுவிற்கு உயரும்.

எஞ்சியது பர்ஸாத்தி. இதுவே இந்த வழக்கின் உயிர்நிலை. அதே கட்டடத்தில், சென்ற ஆண்டு, இரண்டு அறைகள் வீட்டுக்காரர் கைக்குத் திரும்பின. மகன் குடும்பத்திற்கு இடம் போதவில்லை என்றால் அன்றே அங்கே குடியேற்றியிருக்கலாம். அவரோ பிறருக்கு வாடகைக்கு விட்டார். மேலும், மனுவுடன் வந்த வரைபடத்தில் மொட்டைமாடி வெறும் திறந்த வெளியாகக் காட்டப்பட்டிருந்தால், இரண்டு அறைகள் மறைக்கப்பட்டிருக்கின்றன. இது உண்மையென்று வைத்துக்கொண்டால் மூன்றாம் கூறும் நான்காம் கூறும் ஒருங்கே ஆட்டம் காண்கின்றன.

ஆனால் இதற்கும் ஆதாரம் வேண்டும். மாடியின் புகைப்படங்கள், அறைகளுக்குச் செல்லும் தனி மின்கணக்கி, வாடகைக்கு விடப்படும் என்று வந்த விளம்பரம், அங்கே இருப்போர்க்கு வந்த தபால் உறை முதலியவை பயன்படும். வீட்டுக்காரர் வரைபடம் தவறு என்று சொல்வதோடு நில்லாமல், நாமே ஒரு வரைபடம் தயாரித்துத் தாக்கல் செய்யவேண்டும். அவ்வாறு செய்யாவிட்டால் அவருடைய வரைபடமே சரியென்று கொள்ளப்படும் அபாயம் உண்டு. எப்பொழுது காலியாயிற்று, எப்பொழுது யாருக்கு விடப்பட்டது என்பதை மாதத்தோடு எழுதவேண்டும். ‘வீட்டுக்காரருக்கு வேறு இடங்கள் ஏராளம்’ என்று பொதுவாக எழுதிய பிரமாணப் பத்திரங்களே அனுமதி மறுக்கப்படுவதற்குப் பெருங்காரணமாக அமைகின்றன.

தாளின் வடிவம்

மேற்கண்ட ஆராய்ச்சி முடிந்தபின் நம் குடியிருப்பவரின் தாள் ஏறக்குறைய இவ்வாறு அமையும்.

‘சம்மன் கிடைத்தது மார்ச் 4, என் கையில். கடைசி நாள் மார்ச் 19.

மனுவின் சாரம்: தந்தை வழி வந்த வீடு. ஏழு பேர், தரைத் தளம், மூன்று அறை. மகன், மருமகள், இரு குழந்தைகளுக்கு முதல் மாடி வேண்டும். வேறு இடம் இல்லை என்கிறார்.

நாம் ஒப்புக்கொள்வது: அவர் வீட்டுக்காரர், வாடகை 640 ரூபாய், மகனும் குழந்தைகளும் அங்கேயே வாழ்கிறார்கள்.

மனு சொல்லாதவை: பர்ஸாத்தியின் இரு அறைகள், ரோஹிணி வீடு.

முதல் மறுப்பு: பர்ஸாத்தி சென்ற ஆண்டு காலியாகி மாணவர்களுக்கு விடப்பட்டது. ஆதாரம்: புகைப்படம், விளம்பரம். வரைபடம் இன்னும் தயாரிக்கவேண்டும்.

இரண்டாம் மறுப்பு: ரோஹிணி வீடு. ஆதாரம் இன்னும் இல்லை. யார் பெயரில், காலியா என்று அறியவேண்டும்.

துணைச் செய்திகள்: வாடகை உயர்வு கேட்டு வந்த கைப்பேசிச் செய்தி, தேதியுடன். மகள் புணேயில் பணி.

விடப்பட்டவை: நீண்ட கால வாசம், நோட்டீஸ், தம்பியின் பங்கு.’

இத்தாளில் வீட்டுக்காரரின் வாதத்தை அவர் சொன்னபடியே, குறைக்காமலும் ஏளனம் செய்யாமலும் எழுதியிருப்பதைக் காணலாம். மகனும் குழந்தைகளும் உண்மையாகவே நெருக்கத்தில் வாழ்கிறார்கள் என்பது நமக்கு உவப்பான செய்தியன்று. ஆயினும் அது தாளில் இல்லாவிட்டால், அந்தத் தாளை நம்பி எடுக்கும் முடிவு நம்மையே ஏமாற்றும். அதிகாரி அந்த நெருக்கத்தைக் கட்டாயம் காண்பார்.

வக்கீல் இத்தாளைக் கண்டு பிரமாணப் பத்திரம் எழுதுவார். அது ஆங்கிலத்தில் அமையுமானால், ஒவ்வொரு பத்தியையும் நமக்குத் தெரிந்த மொழியில் சொல்லக் கேட்டபின்பே கையெழுத்திடவேண்டும். சத்தியம் செய்து சொல்வது நாமே. பொய்யென்று தெரிந்தால் தண்டனை நமக்கே. பதினைந்து நாட்களுக்குள் தாக்கலாகும் பத்திரத்தில் இல்லாத புதிய காரணங்களைப் பின்னர் சேர்க்க நீதிமன்றங்கள் பொதுவாக இடம் தருவதில்லை. ஆகையால் தாளில் ‘அறியவேண்டும்’ என்று குறித்தவற்றையெல்லாம் அந்த நாட்களுக்குள்ளேயே அறிந்து முடிக்கவேண்டும்.

முடிவு செய்தல்

தாள் நிறைந்தபின் வழிகள் மூன்று. ஒன்று, அனுமதி கோரி வழக்காடுதல். நம் எடுத்துக்காட்டில் பர்ஸாத்தியின் ஆதாரங்கள் கைக்கு வந்துவிட்டால் இவ்வழி தகுதியுடையது. அனுமதி மறுக்கப்பட்டால் மேல்முறையீடு கிடையாது. தில்லி உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு மட்டும் உண்டு, அதன் எல்லையும் குறுகியது. சீராய்வு நிலுவையில் இருக்கும்போது ஆணையை நிறுத்திவைக்கக் கேட்டால், இக்கால வாடகை நிலவரத்தை ஒட்டிய உபயோகக் கட்டணம் செலுத்தும்படி நிபந்தனை விதிக்கப்படுவதுண்டு. 640 ரூபாய் கொடுத்துவந்தவருக்கு அது பெருஞ்சுமையாகும். அந்தச் செலவையும் தாளில் ஒரு வரியாகச் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, அவகாசம் பேசுதல். பர்ஸாத்தி என்ற செய்தியே இல்லாமல், மற்ற ஆறு மறுப்புகள் மட்டுமே இருந்தன என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது வழக்கு மெலிந்தது என்பதைத் தாளே சொல்லிவிடும். வெளியேற்றும் ஆணை பிறந்தாலும் ஆறு மாதம் கழியுமுன் வீட்டைக் கைப்பற்ற இயலாது என்று சட்டமே கூறுகிறது. ஆகவே ஆறு மாதத்திற்குக் குறைந்த அவகாசத்தை ஏற்பதில் குடியிருப்பவருக்கு ஒரு லாபமும் இல்லை. அதற்கு மேல் எத்தனை மாதம், பிள்ளைகளின் பள்ளியாண்டு முடியும்வரையா, என்பதே பேச்சின் பொருளாக அமையவேண்டும்.

இப்பேச்சை வீட்டுத் திண்ணையிலேயே முடித்துக்கொண்டு சாவியைக் கொடுப்பது தகாது. அதிகாரி முன்னிலையில் பதிவு செய்து, சொந்த உபயோகம் என்ற காரணத்தின்மேல் ஆணை பெறுவதே முறை. ஏனெனில் 19-ஆம் பிரிவு ஒரு பாதுகாப்பு அளிக்கிறது. அவ்வாணையின்படி வீட்டைப் பெற்றவர் இரண்டு மாதத்திற்குள் அங்கே குடியேறாவிட்டாலோ, மூன்று ஆண்டுகளுக்குள் அனுமதியின்றி வேறொருவருக்கு வாடகைக்கு விட்டாலோ, வெளியேறியவர் மனுச்செய்து வீட்டைத் திரும்பப் பெறவோ நஷ்டஈடு பெறவோ கோரலாம். ஆணையின்றித் தாமே வெளியேறியவருக்கு இப்பாதுகாப்பு இல்லை. பேசிய தேதியில் வெளியேறுவதாக அதிகாரியிடம் உறுதி கூறியபின் அதனை மீறலாகாது என்பதும் சொல்லாமலே விளங்கும்.

மூன்றாவது வழி, ஒன்றும் செய்யாதிருத்தல். இதனையும் பலர் தம்மையறியாமலே தேர்ந்துகொள்கின்றனர். சம்மனை அலமாரியில் வைத்துவிட்டு, வீட்டுக்காரர் நல்லவர், பேசிக்கொள்ளலாம் என்று காத்திருக்கின்றனர். வீட்டுக்காரர் நல்லவராகவே இருக்கலாம். பதினாறாம் நாள் அவர் வக்கீல் ஆணையைக் கேட்பார். பேச்சு நடந்துகொண்டிருந்தாலும், பிரமாணப் பத்திரத்தை நாளுக்குள் தாக்கல் செய்துவிட்டுத்தான் பேசவேண்டும். தாக்கல் செய்தவரின் சொல்லுக்கே பேச்சிலும் மதிப்புண்டு.

இந்தக் காலம் முழுவதும் வாடகையை ஒரு மாதமும் தவறாமல் செலுத்தி வரவேண்டும். வீட்டுக்காரர் வாங்க மறுத்தால் 27-ஆம் பிரிவின்படி அதிகாரியிடம் செலுத்தி ரசீது பெறலாம். இல்லையேல் வாடகை பாக்கி என்ற வேறொரு விதிவிலக்கின் கீழ் இரண்டாவது மனு வரும். அதற்குப் பர்ஸாத்தியின் புகைப்படம் விடையாகாது. பழைய ரசீதுகள், ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, சம்மன் வந்த உறை ஆகியவற்றை நாம் எழுதிய தாளோடு ஒரே கட்டாக வைத்து, தீஸ் ஹசாரிக்கோ உங்கள் பகுதிக்குரிய வேறு நீதிமன்றத்திற்கோ செல்லும் முதல் நாளன்றே வக்கீலின் கையில் கொடுக்கலாம்.